4,150 ரூபாய் எங்கே போனது

என் மகள் ஜூலை மாதம் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்தபோது அவளுக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாவது சம்பளம் வந்த அன்று இரவு போன் செய்தாள். "அம்மா, போன மாசத்தை விட 1,250 ரூபா கம்மியா வந்திருக்கு. நான் ஒருநாள் கூட லீவு போடலையே, ஏன் புடிச்சாங்க?" நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சம்பளப் பட்டியல் போடுகிறவள். போனிலேயே ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சரி விடும்மா, சீட்டுலதான் போட்டிருக்கே, சரியாத்தான் இருக்கும்." இதே நம்பிக்கையோடு நானும் ஒரு காலத்தில் இருந்தேன். சம்பளச் சீட்டு இரண்டையும் அனுப்பச் சொன்னேன். பி.எஃப். பாஸ்புக்கையும் படம் எடுத்து அனுப்பு என்றேன். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் அவளுக்கு எழுதிய கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

பாப்பாவுக்கு,

முதலில் உன் பெரிய சந்தேகத்தை முடித்துவிடுவோம். வேலை உத்தரவில் ஆண்டுக்கு 4,80,000 என்று போட்டிருந்தது. பன்னிரண்டால் வகுத்து, மாதம் 40,000 வரும் என்று நீ நம்பினாய். அப்பாவும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 4,80,000 உனக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு, உன் சம்பளம் அல்ல. உன் அடிப்படைச் சம்பளம் 20,000. அதில் 12 சதவீதம், அதாவது 2,400 ரூபாயை நிறுவனம் தன் பங்காக உன் பி.எஃப். கணக்கில் போடுகிறது. அதையும் அந்த 40,000-க்குள்தான் எழுதியிருக்கிறார்கள். பணிக்கொடைக்கு என்று அடிப்படையில் 4.81 சதவீதம், 962 ரூபாய். இந்த இரண்டும் போனால் மிச்சம் 36,638. உன் சீட்டில் 'மொத்தம்' என்று மேலே இருப்பது இந்த எண்தான். பணிக்கொடை என்பது ஓராண்டு வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பின்னால் தருவது. ஐந்து ஆண்டு முடிக்காமல் கிளம்பினால் அந்த 962 உன் கைக்கு வராது. வருமா என்றே தெரியாத பணத்தைச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். ஆனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆக, கணக்கை 36,638-லிருந்து தொடங்கு. ஆகஸ்ட் சீட்டில் பிடித்தம் பி.எஃப். 2,400, தொழில் வரி 1,250, மருத்துவக் காப்பீடு 500. மூன்றும் சேர்ந்து 4,150. கைக்கு வந்தது 32,488. ஜூலையில் தொழில் வரி இல்லை, அதனால் 33,738 வந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. (பிடித்தம் என்ற சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள் வருவது நம் மொழியின் குறும்பு. உனக்குப் பிடித்ததையா பிடிக்கிறார்கள்?)

சின்ன வரிகள்

அந்த 1,250-தான் உன்னைப் போன் செய்ய வைத்தது, அதனால் அதை முதலில் சொல்கிறேன். தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகிறது. நீ வேலை பார்க்கும் இடம் மாநகராட்சி என்றால் மாநகராட்சிக்கு, நகராட்சி என்றால் நகராட்சிக்கு. தமிழ்நாட்டில் இது மாதக் கணக்கு அல்ல, அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. அந்த அரையாண்டில் நீ வாங்கும் மொத்தச் சம்பளத்தைப் பார்த்துத் தொகையை முடிவு செய்வார்கள். 75,000-ஐத் தாண்டினால் 1,250. நீ ஜூலையில் சேர்ந்ததால் செப்டம்பர் வரை மூன்று மாதம், 1,09,914 ரூபாய். தாண்டிவிட்டாய். ஆகஸ்டில் சேர்ந்திருந்தால் இரண்டு மாதச் சம்பளம் 73,276-தான் ஆகியிருக்கும், ஒரு படி கீழே நின்றிருப்பாய். அடுத்த முறை இது பிப்ரவரி வாக்கில் வரும், அந்த மாதமும் கை சற்றுக் கடிக்கும். சில நிறுவனங்கள் மாதம் 208 என்று பிரித்துப் பிடிப்பார்கள். உன் சிநேகிதி சீட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவளுக்கு வரி குறைவு என்று நினைக்காதே. எப்படிப் பிடித்தாலும் ஓராண்டுக்கு 2,500-க்கு மேல் போகக்கூடாது. அரசியலமைப்பே அந்த வரம்பை வைத்திருக்கிறது.

அந்த 500-க்குக் காரணம் நானும் அப்பாவும். உன் காப்பீட்டுப் பணத்தை நிறுவனம் கட்டுகிறது. பெற்றோரைச் சேர்க்கவா என்று கேட்டபோது எங்களைக் கேட்காமலே 'ஆம்' போட்டிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். நீ அந்த வேலையில் இருக்கும்வரைதான் இந்தக் காப்பீடு. வேலையை விட்ட பிறகு அப்பாவின் சர்க்கரைக்கும் என் முட்டிக்கும் அந்த அட்டை பயன்படாது. அதனால் நாங்கள் தனியாகக் கட்டிவரும் காப்பீட்டை நிறுத்தப்போவதில்லை.

இ.எஸ்.ஐ. வரிசையில் உனக்கு பூஜ்யம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்குத்தான் அது. அவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் போடும். இதில் எங்கள் ஆபீசில் வருடா வருடம் ஒரு சண்டை வரும். ஜூன் மாதம் ஒருவருக்குச் சம்பளம் 21,500 ஆகும். வரம்பைத் தாண்டிவிட்டேனே, இன்னும் ஏன் 162 ரூபாய் பிடிக்கிறீர்கள் என்று வந்து நிற்பார். இதுவும் ஆறு ஆறு மாதக் கணக்கு. நடுவில் சம்பளம் ஏறினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடிக்கத்தான் வேண்டும். பதிலுக்கு அவருக்கு மருத்துவ வசதியும் தொடரும் என்று சொன்ன பிறகுதான் இருக்கைக்குத் திரும்புவார். டிசம்பர் சீட்டில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சின்னத் தொகை வரலாம். அதற்கு எனக்குப் போன் செய்யாதே.

வருமான வரி வரிசையும் பூஜ்யம், அது சரிதான். மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு உன் வருமானம் 3,29,742. அதில் நிலையான கழிவு 75,000 போனால் 2,54,742. புதிய வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே கிடையாது. ஆனால் உன் அறைத் தோழி, மாதம் 1,20,000 வாங்குகிறவள், மாதாமாதம் 7,345 பிடிக்கிறார்கள் என்று சொன்னாளே, அவள் சீட்டைப் பார்க்கச் சொல். அவளும் ஜூலையில்தான் சேர்ந்தாள், அதற்கு முன் வேறு வருமானம் இல்லை. ஒன்பது மாதத்துக்கு 10,80,000. 75,000 கழித்தால் 10,05,000. இந்த நிதியாண்டில் பன்னிரண்டு லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவள் ஒரு ரூபாய் கூடக் கட்டவேண்டியதில்லை. பிறகு 7,345 எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு மாதத்துக்கும் சம்பளம் வாங்குவதாக வைத்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 14,40,000, கழிவு போக 13,65,000. அதற்கு வரி 84,750, நான்கு சதவீதக் கூடுதல் வரியோடு 88,140. அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பார், அதே 7,345 வரும். ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தவராகக் கணினியில் ஏற்றியிருப்பார்கள். கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் மீதி மாதங்களுக்காவது நிற்கும். பிடித்ததை அடுத்த ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும்.

என் கையெழுத்தில் இருந்த 240

இனி பி.எஃப். இதற்காகத்தான் கடிதமே எழுதுகிறேன்.

1998-ல் நான் முதன்முதலாக வேலைக்குப் போன இடத்தைப் பற்றி உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. முப்பது பேர் வேலை பார்த்த சின்ன நிறுவனம். எனக்கு அடிப்படை 2,000, பி.எஃப். பிடித்தம் 240. கணினி கிடையாது. சம்பளப் பதிவேடு என்று நீளமான ஒரு நோட்டு, பச்சைக் கோடு போட்டது. மாதம் பிறந்தால் அதில் முப்பது பேர் பெயரையும் எழுதி, கட்டம் கட்டமாக நிரப்பி, கீழே சிவப்பு மையில் கூட்டுவேன். பி.எஃப். கட்டத்தில் என் பெயருக்கு நேராக 240 என்று எழுதுவதும் நான்தான். கூட்டிய தொகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முதலாளி மேசையில் வைப்பேன். செலானை அவரே கட்டிக்கொள்வார். நான் ஒருநாளும் கட்டிய ரசீதைப் பார்த்ததில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை. அப்போதெல்லாம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறைதான் சீட்டு வரும். அதுவும் நிறுவனத்தின் வழியாகத்தான் வரும். வரவில்லை என்றால், இன்னும் வரவில்லை போல என்று இருந்துவிடுவோம்.

கல்யாணம் முடிந்து வேலையை விட்டபோது பணத்தை எடுக்க விண்ணப்பம் போட்டேன். சில மாதம் கழித்து வந்த தொகை நான் போட்டு வைத்திருந்த கணக்கைவிட மிகவும் குறைவாக இருந்தது. பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் பேரேட்டைத் திருப்பி விரலால் வரிசையைக் காட்டினார். பதினான்கு மாதம் காலியாக இருந்தது. "கட்டலையேம்மா" என்றார். என் பங்கு மட்டும் 3,360 ரூபாய், என் ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல். பிடித்தது உண்மை, என் கையாலேயே எழுதிப் பிடித்திருக்கிறேன். முப்பது பேருக்கும் பிடித்திருக்கிறேன். அந்தப் பணம் ஆபீஸ் வாசலைத் தாண்டவே இல்லை. முதலாளியிடம் போனால், "கட்டிடலாம்மா, அந்த வருஷம் கொஞ்சம் நெருக்கடி" என்றார். புகார் எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்து, வசூலித்து, என் கணக்கில் ஏறி, என் கைக்கு வர ஒன்றரை ஆண்டு ஆனது. அதற்குள் நீ பிறந்துவிட்டாய். அந்த நோட்டு இருந்ததால்தான் வழக்கு நின்றது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்து, "நீதானே எழுதின?" என்று கேட்டதுதான் இன்றும் ஞாபகம்.

அதனால்தான் சீட்டில் இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குத் திக்கென்றது. நிறுவனம் உன்னிடம் பிடித்ததாகச் சொல்கிறது, சீட்டில் இருப்பது அவ்வளவுதான். கட்டியதா இல்லையா என்பது பாஸ்புக்கில்தான் தெரியும். ஒரு மாதத்துப் பி.எஃப்.பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். ஆகவே ஜூலைப் பணம் ஆகஸ்ட் 15-க்குள் போயிருக்க வேண்டும். உன்னுடைய பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணை வைத்து `passbook.epfindia.gov.in` தளத்தில் நுழைந்தால் அது வரிசையாகத் தெரியும். ஏறுவதற்குச் சில நாள் தாமதம் ஆகலாம், அதற்குப் பதற வேண்டாம். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவது கட்டம்

உன் பாஸ்புக்கைப் பார்த்தேன். ஜூலைப் பணம் ஏறியிருக்கிறது, உன் நிறுவனம் கட்டியிருக்கிறது. நிம்மதி. ஆனால் வரிசையை இன்னொரு முறை பார். ஊழியர் பங்கு 2,400. நிறுவனப் பங்கு 1,150. ஓய்வூதியம் 1,250. கூட்டினால் 4,800 சரியாக வருகிறது, அதனால் யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள். நானும் முதல் பார்வையில் தாண்டிப் போய்விட்டேன்.

நிறுவனம் போடும் 12 சதவீதம் பலருக்கு இரண்டாகப் பிரியும். 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்கு, மீதி பி.எஃப்.க்கு. ஓய்வூதியப் பங்குக்கு 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருப்பதால் சம்பளம் எவ்வளவு ஆனாலும் அது 1,250-ஐத் தாண்டாது. எங்கள் ஆபீசில் பழைய ஆட்களுக்கு இப்படித்தான் போகிறது, அது சரி. ஆனால் 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாகப் பி.எஃப்.பில் சேருகிறவர், சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் என்றால், ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. வேண்டும் என்று கேட்டாலும் கிடையாது. நிறுவனப் பங்கு முழுவதும் அவருடைய பி.எஃப். கணக்குக்கே போகவேண்டும். உன் அடிப்படை 20,000, இது உனக்கு முதல் வேலை. உன் வரிசை 2,400, 2,400, 0 என்று இருக்கவேண்டும்.

ஓய்வூதியம்தானே, போகட்டுமே என்று நினைப்பாய். இரண்டு சிக்கல் இருக்கிறது. பி.எஃப்.பில் இருக்கும் பணத்துக்கு ஆண்டுதோறும் வட்டி ஏறும், 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். ஓய்வூதியக் கட்டத்துக்குப் போன பணம் உன் பெயரில் அப்படி வளராது. அது பொதுத் தொகுப்பில் கலந்துவிடும். ஓய்வூதியம் பிறகு உன் சம்பளத்தையும் சேவை ஆண்டுகளையும் வைத்துச் சூத்திரப்படி வரும். இரண்டாவதுதான் மோசம். நீ உறுப்பினராகவே இருக்கக்கூடாத திட்டத்தில் பணம் போய்க்கொண்டிருந்தால், பல வருடம் கழித்துப் பணத்தை மாற்றவோ எடுக்கவோ போகும்போது, உனக்குத் தகுதியே இல்லை என்று விண்ணப்பத்தை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு இந்த நிறுவனத்தில் உன்னைத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார். இப்போது என்றால் ஒரே ஒரு மாதத்து 1,250.

எப்படி நடந்தது என்று ஒரு ஊகம் சொல்கிறேன். சேர்ந்த அன்று உன்னிடம் ஒரு கட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள் அல்லவா? அதில் 11-ஆம் படிவம் என்று ஒன்று. இதற்கு முன் பி.எஃப்.பில் உறுப்பினராக இருந்தீர்களா, ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தீர்களா என்று இரண்டு கேள்வி இருக்கும். நீ அதை, ஓய்வூதியம் வேண்டுமா என்று கேட்பதாக நினைத்து 'ஆம்' என்று போட்டிருப்பாய். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் போடுவார்கள். நான் திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்வேன். அல்லது நீ சரியாக எழுதி, உள்ளே ஏற்றியவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்றியிருக்கலாம். முதலில் அந்தப் படிவத்தின் நகலைக் கேள். பிறகு மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் போடு. முதல் வேலை, முன்பு எந்த யு.ஏ.என்.னும் இல்லை, சேரும்போது அடிப்படை 20,000, ஆகவே ஓய்வூதியப் பங்கு பிடிக்கக்கூடாது, ஏற்கெனவே போனதைப் பி.எஃப். கணக்குக்கு மாற்ற நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும் என்று நாலு வரி போதும். பாஸ்புக் படத்தை இணைத்துவிடு. வாயால் கேட்காதே, கேட்டதற்குச் சாட்சி இருக்காது. கோபமாகவும் எழுதாதே. இது திருட்டு அல்ல, கவனக்குறைவு. ஒரு ரூபாய் கூட அவர்கள் கைக்குப் போகவில்லை.

அப்புறம் ஒன்று. வாரிசு நியமனத்தைப் பி.எஃப். உறுப்பினர் தளத்தில் போடவேண்டும், ஆதாரோடு இணைத்து. நீ இன்னும் போடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இன்றைக்கே போடு.

அம்மா.

பிறகு

கடிதம் போன மறுநாள் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த முதலாளி பேர் என்னம்மா?" சொல்லவில்லை. மின்னஞ்சல் அனுப்பினாள். நான்கு நாள் கழித்து, "இங்கே எல்லோருக்கும் அப்படித்தான்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படித்ததும் எனக்குப் பழைய பச்சைக் கோட்டு நோட்டு ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் என்றால் எத்தனை பேருக்கு என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளோடு ஜூலையில் சேர்ந்த ஏழு பேரும் அன்று மதிய இடைவேளையில் ஆளுக்கொரு போனில் பாஸ்புக்கைத் திறந்திருக்கிறார்கள். இருவருக்கு யு.ஏ.என். கடவுச்சொல்லே இல்லை, அதை வாங்க அரை மணி நேரம் ஆயிற்றாம். ஏழு பேருக்கும் மூன்றாவது கட்டத்தில் 1,250. அடுத்த மின்னஞ்சலில் எட்டுப் பெயர்கள் இருந்தன.

அக்டோபர் மாதக் கணக்கு நவம்பரில் ஏறியபோது படம் அனுப்பினாள். 2,400, 2,400, 0. ஜூலை முதல் செப்டம்பர் வரை போன மூன்று 1,250-கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நிறுவனம் விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொல்லி அதன் நகலைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி என் போனில் ஒரு படம் வருகிறது, பேச்சு எதுவும் இல்லாமல் வெறும் படம். நானும் பார்த்துவிட்டு ஒரு 'சரி' மட்டும் போடுகிறேன்.